மேஸ்திரி கணக்கும் ஐப்பசி மழையும்

வீட்டைப் புதுப்பித்துக் கொடுத்துவிட்டுச் சாவியை நீட்டும்போது மேஸ்திரிகள் பெரும்பாலும் ஒரு வாக்கு சொல்வார்கள். "ஆறு மாசத்துக்கு எது ஆனாலும் ஒரு போன் போடுங்க சார், நான் பொறுப்பு." கேட்க நிம்மதியாக இருக்கும். வீட்டுக்காரரும் தலையாட்டிவிட்டு மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவார். ஆனால் நம் ஊரில் மராமத்து வேலைகளைக் கோடை நெருங்கும்போதுதான் தொடங்குகிறோம். ஏப்ரல் நடுவில் முடிந்த வேலைக்கு ஆறு மாதம் என்றால் அது அக்டோபர் நடுவில் தீர்ந்துபோகும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் மூன்றாம் வாரத்தில். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அதன் பிறகுதான் கொட்டுகிறது. மொட்டை மாடியிலும் சுவரிலும் செய்த வேலை உருப்படியா என்று வானம் சோதித்துப் பார்ப்பதற்குச் சில நாள் முன்பே வாக்கின் கெடு முடிந்துவிடுகிறது.

இதில் மேஸ்திரியின் சூழ்ச்சி எதுவும் இல்லை. ஆறு மாதம் என்பது வழக்கத்தில் வந்துவிட்ட ஓர் எண், அவ்வளவுதான். ஆகவே வேலை முடிந்த நாளில் மூன்று காரியங்களைச் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது: கணக்கை எழுத்தில் முடிப்பது, மழையை உள்ளடக்கிப் பின்வருகைகளைப் பேசி வைப்பது, நன்றாக வேலை செய்தவருக்கு மரியாதை செய்வது. ஒன்றை அவசரப்பட்டுச் செய்தால் மற்றதில் இடிக்கும்.

குரோம்பேட்டையில் என் சித்தப்பா வீட்டில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். முப்பது வருடத்துக்கு மேலான வீடு. இரண்டு பாத்ரூம்களை உடைத்துக் கட்டினார்கள். மாடியில் பழைய சுருக்கித் தளத்தைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டு, மேலே வெள்ளை கூல் டைல் ஒட்டினார்கள். ஹாலும் படுக்கையறையும் சேர்கிற சுவர்களில் பூச்சு, வீடு முழுக்க பெயிண்ட், புது வயரிங், சமையலறை மேடை. பேசிய தொகை ரூ.6,40,000. மேஸ்திரி பேச்சில் கொஞ்சம் கறார், வேலையில் சுத்தம். மனக்கசப்பு இல்லாமல் முடிந்த வேலை அது. அதனால்தான் அந்தக் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். சண்டையில் முடிகிற வேலைக்குப் பஞ்சாயத்து உண்டு. நல்லபடியாக முடிகிற வேலையில்தான் "நமக்குள்ள என்ன கணக்கு" என்று எழுதாமல் விட்டுவிட்டுப் பிறகு தவிக்கிறோம்.

பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இருவரும் சேர்ந்து வீட்டை ஒரு சுற்று வந்தார்கள். பகல் வெளிச்சத்தில், தண்ணீரும் கரண்டும் இருக்கும்போது. சித்தப்பா கையில் ஒரு பத்து ரூபாய் நாணயம், சித்தி கையில் ஒரு வாளி. நாணயத்தால் தரை டைலையும் சுவர் டைலையும் தட்டிக்கொண்டே போனால் கெட்டியாக ஒட்டியிருக்கும் இடத்தில் சத்தம் அடங்கி வரும். அடியில் கலவை பிடிக்காத இடத்தில் பொக்கென்று எழும்பும். ஒரு மூலையில் மட்டும் பொக்கு இருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். டைலின் நடுவிலோ பாதிக்கு மேலோ பொக்கு கேட்டால் அந்த டைல் எடை விழும்போது ஒருநாள் உடையும், மாற்றச் சொல்லலாம்.

வாளி எதற்கென்றால் பாத்ரூம் வாட்டம் பார்க்க. கதவோரத்திலிருந்து தண்ணீரை ஊற்றினால் அது தானாக நானி ட்ராப் பக்கம் ஓடிப் போக வேண்டும். சற்று நேரம் கழித்துப் பார்க்கும்போது எங்காவது குட்டையாக நின்றால் வாட்டம் தப்பு. இங்கே அந்தச் சோதனையை வேலை நடக்கும்போதே கொத்தனார் ஒருமுறை செய்து பார்த்துவிட்டார். பின்பக்கப் பாத்ரூமில் கதவோரம் தண்ணீர் தேங்கியது. யாரும் சொல்லாமலே நான்கு டைலைப் பெயர்த்து, கலவையைத் திருத்தி, மறுபடி ஒட்டினார். இதைச் சித்தி பார்த்து வைத்திருந்தார். பின்னால் நன்றி சொல்லும் பேச்சில் இது வந்தது.

மாடியில் மழைத்தண்ணீர் வடியும் குழாய் வாய்களை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்துக் கீழே கூரையில் ஈரம் இறங்குகிறதா என்று பார்த்தார்கள். இறங்கவில்லை. இது அவசியமான சோதனை, ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. கட்டி வைத்த தண்ணீர் தளத்தின் படுக்கை மட்டத்தை மட்டுமே சோதிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை காற்றோடு சாய்ந்து அடிக்கும். கைப்பிடிச் சுவரின் உள்முகம், அது தளத்தோடு சேரும் முடுக்கு, சன்ஷேடு சுவரோடு ஒட்டும் கோடு, ஜன்னல் சட்டத்தைச் சுற்றிய இடுக்கு எல்லாம் அப்போதுதான் நனையும். நாள்கணக்கில் ஈரம் காயாமல் நிற்கும்போது நுண்ணிய வழிகளில் உள்ளே ஊறி வரும். தண்ணீர் கட்டும் சோதனையில் தேறிய மாடியும் நவம்பரில் ஒழுகுவது இதனால்தான்.

சுற்றி வந்ததில் பதினோரு குறைகள் அகப்பட்டன. அலமாரிக் கதவு சாத்தவில்லை, ஒரு சுவிட்சு பெட்டி கோணல், இரண்டு டைல் பொக்கு, மற்றதெல்லாம் பெயிண்ட் சிந்தல். மேஸ்திரி மூன்று நாளில் முடிப்பதாகச் சொன்னார், அந்தப் பட்டியலிலேயே தேதி போட்டுக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். அது முடிந்த பிறகே கணக்குக்கு உட்கார்ந்தார்கள். வரிசையை மாற்றிக் கணக்கை முதலில் முடித்தால், கோணல் சுவிட்சைச் சரிசெய்ய ஆள் வருவதற்குள் ஆடி வந்துவிடும்.

கணக்கு என்று உட்காரும்போது பேசிய தொகையிலிருந்து தொடங்குவதுதான் சுலபம். ஏதோ ஒரு புதுத் தொகையை மேஸ்திரி சொல்ல, வீட்டுக்காரர் குறைக்கச் சொல்ல, சந்தை பேரமாகப் போய்விட வேண்டாம். ரூ.6,40,000 என்று மேலே எழுதிக்கொண்டு, அதில் எது கூடியது, எது குறைந்தது என்று மட்டும் பார்த்தார்கள்.

மாடித் தளம் சதுர அடிக் கணக்கில் பேசியது. 850 சதுர அடி என்று கண்மதிப்பில் போட்டிருந்தார்கள், சதுர அடிக்கு ரூ.140. கைப்பிடிச் சுவரின் உள்ளளவை டேப் வைத்துப் பிடித்தபோது 812 சதுர அடிதான் வந்தது. ரூ.5,320 குறைந்தது. இதில் சச்சரவு இல்லை. இருவரும் ஆளுக்கொரு முனையில் டேப்பைப் பிடித்திருந்தார்கள்.

பூச்சு வேலையில்தான் சிறிது வாக்குவாதம். சதுர அடிக்கு ரூ.60 வீதம் 1,000 சதுர அடி என்று மதிப்பு. அளந்தால் கூடுதலாக வந்தது. இடையில் ஒரு கதவு, ஒரு ஜன்னல். கதவு 3க்கு 7, அதாவது 21 சதுர அடி. ஜன்னல் 4க்கு 4, 16 சதுர அடி. சுவரின் இரண்டு பக்கமும் பூசியிருக்கிறது. எதையும் கழிக்காமல் மேஸ்திரி போட்ட அளவு 1,177 சதுர அடி. "பூசாத இடத்துக்கு எதுக்குக் காசு?" என்று சித்தப்பா இரண்டு பக்கமும் கழித்து 1,103 என்றார்.

"ஓப்பனிங் எல்லாம் கழிக்கிற வழக்கம் இல்ல சார். கட்டையைச் சுத்தி ஓரம் பிடிக்கிறதுலதான் கொத்தனாருக்கு நேரமே போகுது. அந்தக் கூலி இதுலதான் வருது" என்றார் மேஸ்திரி.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, சித்தப்பா சொல்வதிலும் இருக்கிறது. இந்தச் சண்டை எல்லா ஊரிலும் நடப்பதால் கட்டட வேலைகளை அளப்பதற்கென்றே இந்தியத் தர நிர்ணயம் ஒன்று உண்டு, ஐ.எஸ். 1200 என்று பெயர். அதன்படி அரை சதுர மீட்டருக்கு உட்பட்ட சின்னத் திறப்புகளைக் கழிக்கவே வேண்டாம். அரை முதல் மூன்று சதுர மீட்டர் வரை, சுவரின் இரு பக்கமும் ஒரே பூச்சு என்றால் ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிக்க வேண்டும். பதிலுக்கு ஓரம் பிடித்த வேலைக்குத் தனிக்கூலி கிடையாது. அதற்கு மேல் பெரிய திறப்பு என்றால் இரண்டு பக்கமும் கழித்துவிட்டு, ஓரப் பூச்சை அளந்து சேர்க்க வேண்டும். சாதாரண வீட்டுக் கதவும் ஜன்னலும் நடு வகையில்தான் விழும், மூன்று சதுர மீட்டர் என்பது சுமார் 32 சதுர அடி. ஆக ஒரு பக்கம் மட்டும் 37 சதுர அடி கழித்து 1,140 என்று ஒத்துக்கொண்டார்கள். ரூ.68,400. மதிப்பைவிட ரூ.8,400 கூடுதல். இருவர் சொன்ன அளவுக்கும் உள்ள வித்தியாசம் மொத்தமே ரூ.4,440. ஆறு லட்சம் ரூபாய் வேலை முடிந்து, முகம் சுளிப்பது இந்தத் தொகைக்காகத்தான் என்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். வேலை தொடங்கும்போதே அளக்கும் முறையை ஒரு வரி எழுதி வைத்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது.

அடுத்து, பேச்சில் இல்லாமல் இடையில் வந்த வேலைகள். பாத்ரூம் சுவரை உடைத்தபோது உள்ளே பழைய இரும்புக் குழாய் துரு ஏறிப் பாதி அடைத்துக் கிடந்தது. மேஸ்திரி அதை மூடிவிட்டுப் போயிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. கூப்பிட்டுக் காட்டி, விலை சொல்லி, சம்மதம் வாங்கிப் புதுக் குழாய் பதித்தார். அதற்கு ரூ.18,500. சித்தி கேட்டுக் கூடுதலாகப் போட்ட ஆறு பிளக் பாயிண்டுகளுக்குத் தலா ரூ.850, மொத்தம் ரூ.5,100. கழிவாக, சமையலறை மேடைக்கான கிரானைட்டைச் சித்தப்பாவே கடையில் வாங்கிப் போட்டிருந்தார், ரூ.24,600. பேசிய தொகையில் கிரானைட்டும் அடக்கம் என்பதால் அது கழிய வேண்டும். இப்படி எழுதியதும் தாள் இவ்வாறு நின்றது:

பேசிய தொகை: 6,40,000
மாடித் தளம், அளவு குறைந்தது: – 5,320
பூச்சு, அளவு கூடியது: + 8,400
புதுக் குழாய்: + 18,500
பிளக் பாயிண்டுகள்: + 5,100
கிரானைட், வீட்டுக்காரர் வாங்கியது: – 24,600
முடிவான தொகை: ரூ.6,42,080

வரவுப் பக்கத்தில் வங்கி வழியாக நான்கு தவணைகளில் அனுப்பியது ரூ.5,75,000. மேஸ்திரியும் அதைத்தான் குறித்து வைத்திருந்தார். இங்கேதான் சித்தி குறுக்கிட்டார். இரண்டு சனிக்கிழமைகளில் மேஸ்திரி வராதபோது, கூலிக்கு நின்ற பெயிண்டர்களுக்கு அவர் கையிலிருந்து ஒருமுறை ரூ.6,000, ஒருமுறை ரூ.4,000 கொடுத்திருக்கிறார். சமையலறைக் காலண்டரில் அந்தத் தேதிகளில் தொகையும் பெயிண்டர் பெயரும் இருந்தன. மேஸ்திரி பெயிண்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். வேலையாட்களுக்கு நேரடியாகக் கொடுக்கும் சில்லறைப் பணம்தான் கணக்கு முடிக்கும் நாளில் எப்போதும் காணாமல் போவது. கொடுத்த அன்றே மேஸ்திரிக்கு ஒரு செய்தி அனுப்பி, அவர் 'சரி' என்று பதில் போட்டுவிட்டால் போதும்.

ஆக மொத்தம் போனது ரூ.5,85,000. பாக்கி ரூ.57,080.

இதை அப்படியே கொடுத்துவிடலாமா என்பதுதான் கேள்வி. பெரிய ஒப்பந்தங்களில் ஒரு பங்கைக் குறிப்பிட்ட காலம் பிடித்து வைப்பார்கள், பிடித்தம் என்றும் ரிடென்ஷன் என்றும் சொல்வது அதைத்தான். பெரும்பாலும் ஐந்து முதல் பத்து சதவீதம் இருக்கும். வீட்டு மராமத்தில் பத்து சதவீதம் என்பது என் பார்வையில் அநியாயம். சின்ன மேஸ்திரி வாங்கும் பணத்தில் பெரும்பகுதி சிமெண்டுக்கும் மணலுக்கும் வாரக் கூலிக்கும் போய்விடுகிறது. அவர் கையில் தங்கும் லாபம் முழுவதையுமே நாம் மாதக்கணக்கில் பூட்டி வைத்தால், அடுத்த வேலையை அவர் கடன் வாங்கித்தான் தொடங்க வேண்டும். ஐந்து சதவீதம் தாங்கக்கூடியது. இங்கே ரூ.6,42,080க்கு ஐந்து சதவீதம் ரூ.32,104, அதை ரூ.32,000 ஆக்கினார்கள். மீதி ரூ.25,080ஐ அன்றே அனுப்பினார்கள்.

மேஸ்திரிக்கு இதில் முதலில் விருப்பமில்லை. "என்மேல நம்பிக்கை இல்லையா சார்?" என்றார். "நம்பிக்கை இருக்கு மேஸ்திரி, மழைமேலதான் இல்லை" என்றார் சித்தப்பா. பிறகு பாதிப் பணத்தை நவம்பர் மழையில் பார்த்ததும், மீதியைப் பொங்கல் கழிந்ததும் தருவதாகத் தேதியோடு எழுதினார்கள். தேதி எழுதியதும் அவர் சமாதானமாகிவிட்டார். பிடித்தத்தில் மேஸ்திரிகளுக்கு உள்ள பயம் தொகையைப் பற்றியதல்ல. அது திரும்பி வராது, வந்தாலும் பத்து முறை வாசலில் நிற்க வேண்டும் என்பதைப் பற்றியது. பணத்தைப் பிடித்து வைக்கிறவர் தேதி வந்ததும் கேட்காமலே அனுப்புகிறவராகவும் இருக்க வேண்டும்.

தாளின் கீழே இருவரும் கையெழுத்திட்டார்கள். "மேற்படி வேலைக்கு முடிவான தொகை இவ்வளவு, இதுவரை பெற்றது இவ்வளவு, பிடித்தம் இவ்வளவு, இது தவிர இருவருக்கும் இடையே பாக்கி ஏதும் இல்லை" என்ற கடைசி வரிதான் முக்கியம். ரூ.5,000க்கு மேல் பெற்றதற்கான ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்குவது சட்டப்படியான முறை. செய்து முடித்த வேலைக்குக் கூலி வரவில்லை என்று வழக்குப் போட மேஸ்திரிக்கு மூன்று வருடம் அவகாசம் உண்டு. சேவையில் குறை என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வீட்டுக்காரருக்கு இரண்டு வருடம் உண்டு. இரண்டு பக்கத்துக்கும் அந்தத் தாள்தான் சாட்சி. ரெரா சட்டத்தில் ஐந்து வருடப் பொறுப்பு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது மனை, அடுக்குமாடி விற்கும் கட்டுமான நிறுவனங்களுக்கு. சொந்த வீட்டை மராமத்துச் செய்யும் மேஸ்திரியை அது கட்டாது. இங்கே நீங்கள் எழுதிக்கொள்வதுதான் ஒப்பந்தம்.

ரொக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே வேலைக்காக ஒருவரிடமிருந்து ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. தவணையாக வாங்கினாலும் கூட்டிப் பார்ப்பார்கள், அபராதம் வாங்கியவருக்கு. வங்கி வழியாக அனுப்பினால் அவருக்கும் தொல்லை இல்லை, நமக்கும் கணக்கு நிற்கும். வீட்டை விற்கிற காலத்தில், புதுக் கட்டுமானமாகச் செய்த மேம்பாட்டுச் செலவை வாங்கிய விலையோடு சேர்த்துக் காட்டவும் இந்தக் காகிதங்கள் உதவும். பெயிண்ட் போன்ற வழக்கமான பராமரிப்பு அதில் சேராது.

இனி பின்வருகைகள். எது கெட்டாலும் அப்போதைக்கப்போது கூப்பிடுவது என்று விட்டால் இரண்டு பேருக்கும் தொல்லை. ஒரு குழாய் சொட்டுவதற்காக ஓர் ஆள் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். அதனால் அவர் தட்டிக்கழிப்பார், நமக்குக் கோபம் வரும். குரோம்பேட்டையில் மூன்று வருகை என்று வைத்தார்கள். கரண்ட் ஷாக், குழாய் உடைப்பு போன்றவற்றுக்கு மட்டும் உடனே வர வேண்டும். மற்றதெல்லாம் ஒரு நோட்டில் சேரும்.

முதல் வருகை மே கடைசியில். குடியிருந்து பார்த்தால்தான் தெரிகிற குறைகள் அதற்குள் வந்துவிடும்: குழாய் இணைப்பில் கசிவு, டைல் இடுக்கில் பூசியது உதிர்வது, கதவுப் பூட்டு. புதுப் பூச்சு காய்ந்து சுருங்கும்போது மயிரிழை விரிசல்களும் விடும். அவை வலைபோல மேலாக ஓடினால் பயமில்லை. பழைய சுவரும் புதுச் சுவரும் சேருமிடத்தில் நேர்கோடாக விட்டால், அங்கே கோழி வலை வைத்துப் பூசவில்லை என்று அர்த்தம். அதைப் பட்டி பார்த்து மூடினால் மறுபடி விடும், வெட்டி எடுத்து வலை அடித்துத்தான் பூச வேண்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசலாக இருந்தால் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவிடுங்கள். அடுத்த மாதம் விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் அது மேஸ்திரியின் வேலையல்ல, பொறியாளர் பார்க்க வேண்டியது.

இரண்டாவது வருகைக்குத் தேதி கிடையாது, நிபந்தனைதான்: அக்டோபருக்குப் பின் தொடர்ந்து இரண்டு நாள் மழை பெய்து முடிந்த உடன். ஈரம் காயும்முன் வந்து பார்த்தால்தான் ஓதம் எங்கே தொடங்கி எப்படி இறங்குகிறது என்று தெரியும். கூரையின் நடுவில் ஈரமென்றால் தளத்தில் கோளாறு. சுவரும் கூரையும் சேரும் மூலையில் என்றால் கைப்பிடிச் சுவரின் முடுக்கைப் பார்க்க வேண்டும். ஜன்னலுக்கு மேலே என்றால் சன்ஷேடு. தரையிலிருந்து மேலேறும் ஓதம் வேறு கதை, அதற்கு மாடி வேலை செய்தவரைக் குறை சொல்ல முடியாது. மழை நேரத்தில் வீங்கி இறுகும் மரக்கதவை இழைக்க வேண்டாம் என்று மேஸ்திரியே முன்கூட்டிச் சொன்னார். கோடையில் அது சுருங்கி இடைவெளி விழும்.

அந்த நவம்பரில் பின்பக்கப் படுக்கையறை மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓதம் தெரிந்தது. மேஸ்திரி மேலே போய், தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் குழாய் கைப்பிடிச் சுவரைத் துளைத்துப் போகுமிடத்தில் கலவை விட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். அந்த மழையிலேயே தற்காலிகமாக அடைத்தார். உள்ளே பெயிண்டைத் தொடவில்லை. ஈரச் சுவரில் அடிக்கும் பெயிண்ட் கொப்பளிக்கும், உப்பு பூக்கும். அதற்காகத்தான் மூன்றாவது வருகை பொங்கலுக்குப் பிறகு. சுவர் உலர்ந்ததும் உப்பைச் சுரண்டி, ப்ரைமர் அடித்துப் பெயிண்டைத் திருத்துவது அப்போதுதான். சுரண்டிய அதே இடத்தில் மறுபடி உப்பு வந்தால் பெயிண்டைக் குறை சொல்லக் கூடாது, தண்ணீர் வரும் வழி இன்னும் அடைபடவில்லை.

எதற்குக் காசு, எதற்கு இல்லை என்பதையும் அதே தாளில் எழுதினார்கள். அவர் செய்த வேலையின் குறைக்குக் கூலியும் பொருளும் அவருடையது. குழாய், ஹீட்டர் போன்ற வாங்கிய பொருள் கெட்டால் கம்பெனி உத்தரவாதம், கழற்றி மாட்டும் கூலி மட்டும் வீட்டுக்காரருடையது. நாம் ஆணி அடித்து உள்ளே வயரைத் துளைத்தால் முழுச் செலவும் நமது. பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் மேஸ்திரி கூட்டி வந்தவர்கள் என்பதால் அவர்களுக்கும் அவரே பொறுப்பு என்று ஒரு வரி. இது இல்லாவிட்டால் "அது அவன் வேலை சார்" என்ற பதில்தான் வரும். கூடவே, பூச்சுக்கு முன் குழாயும் வயரும் ஓடிய சுவர்களின் போட்டோக்கள், எந்த ட்ரிப்பர் எந்த அறைக்கு என்ற குறிப்பு, பெயிண்ட் ஷேடு எண், உடைந்தால் மாற்ற ஒரு பெட்டி டைல் எல்லாவற்றையும் வாங்கி வைத்தார்கள். டைல் பெட்டியில் அச்சிட்ட பேட்ச் எண் வேறானால் நிறம் ஒத்துவராது, அதனால் பின்னால் கடையில் தேடி வாங்குவது பலிக்காது.

நன்றியைக் கணக்கோடு கலக்கவில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. பாக்கி ரூ.57,080ஐ அறுபதாயிரமாக்கி "மிச்சத்தை வச்சுக்கோங்க" என்று கொடுத்தால், அது அன்பளிப்பா, கூடுதல் வேலைக்குக் கூலியா என்று யாருக்கும் தெரியாது. மேஸ்திரிக்குப் போனது கொத்தனாருக்குப் போகுமா என்பதும் தெரியாது. கணக்கு முடிந்த அடுத்த ஞாயிறு எல்லோரையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். புது வீடு புகும்போது கொத்தனாருக்கும் தச்சருக்கும் தாம்பூலத்தோடு வேட்டி வைத்துக் கொடுக்கும் வழக்கம் நமக்கு உண்டு. மராமத்துக்கு அதை யாரும் செய்வதில்லை. சித்தி செய்தார். மேஸ்திரிக்கும் கொத்தனாருக்கும் வேட்டி துண்டு, பெயிண்டர்களுக்குச் சட்டைத் துணி, மணல் சுமந்த இரண்டு சித்தாள்களுக்குப் புடவை. சித்தாள்களை எல்லா வீட்டிலும் மறந்துவிடுகிறார்கள்.

அன்று இரவு சித்தப்பா மேஸ்திரிக்கு அனுப்பிய செய்தி இது:

"மேஸ்திரி, வணக்கம். வேலை நல்லபடியா முடிஞ்சது. சுவருக்குள்ள பழைய குழாய் துருப்பிடிச்சிருந்ததை மூடாம எங்களுக்குக் காட்டினீங்க, அதை மறக்க மாட்டோம். பின்பக்கப் பாத்ரூம்ல வாட்டம் சரியில்லைன்னு கொத்தனார் தானாவே பெயர்த்து ஒட்டினதையும் அவர்கிட்ட சொல்லுங்க. யாராவது உங்க வேலையைப் பார்க்கணும்னா எங்க வீட்டைத் தாராளமா காட்டலாம், ஞாயித்துக்கிழமை வந்தா நானே சுத்திக் காட்டுறேன். மே கடைசி வாரம் முதல் விசிட், நோட்டில் எழுதி வைக்கிறோம்."

'சூப்பர் வேலை, ரொம்ப தேங்ஸ்' என்று அனுப்பினால் அவர் படித்துவிட்டு மறந்துவிடுவார். இந்தச் செய்தியை அடுத்து வேலை பேசப் போன இரண்டு வீடுகளில் எடுத்துக் காட்டினாராம். வீட்டைக் காட்டலாம் என்று சொன்னது அவருக்கு வேட்டியைவிடப் பெரிது. சின்ன மேஸ்திரிகளுக்கு விளம்பரம் என்று இருப்பது முடித்த வீடுகள் மட்டுமே. பாராட்டும்போது உண்மையை மட்டும் சொன்னதும் நல்லதுதான். குறை இருந்த வேலையையும் சேர்த்து 'எல்லாம் பிரமாதம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டால், நவம்பரில் ஓதம் என்று போன் போடும்போது அந்த வரியே எதிரே வந்து நிற்கும்.

பொங்கல் கழிந்து மூலையைத் திருத்தியதும் மீதிப் பிடித்தம் போய்ச் சேர்ந்தது. அன்றோடு இலவசப் பொறுப்பு முடிந்தது. அடுத்த வருடத்துக்கு வேறு ஏற்பாடு பேசிக்கொண்டார்கள்: செப்டம்பர் கடைசியில் ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், ஒரு நாள் கூலி அப்போதைய விலைக்கு. மாடியில் டைல் இடுக்குகளைப் பார்த்து நிரப்புவது, குழாய் துளைத்த இடங்களைச் சோதிப்பது, வடிகுழாய் வாய்களில் அடைந்த வேப்பிலையை வாருவது. கடைசி வேலைக்குக் கொத்தனார் எதற்கு, தானே வாரிவிடலாம் என்று சித்தப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். சித்தி அதையும் தாளில் சேர்த்துவிட்டார்.